சளியில் கிருமி, ஆனால் காசநோய் இல்லை: உடனே மருந்தா, பொறுத்திருப்பதா?

62 வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். எடை 44 கிலோ. இரண்டு ஆண்டுகளாக இருமல். காலையில் கொஞ்சம் சளி. எப்போதாவது அதில் ஒரு ரத்தக் கீற்று. கடந்த ஓராண்டில் 3 கிலோ இளைத்திருக்கிறார். புகை பிடித்ததே இல்லை. சளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயமேற்றிப் பார்த்தபோது, நீலப் பின்னணியில் சிவப்புக் கோல்களாகக் கிருமிகள் தெரிந்தன. அறிக்கையில் ‘ஏ.எஃப்.பி. பாசிட்டிவ், 1+’ என்று வந்தது. வீட்டில் எல்லோர் மனத்திலும் ஒரே சொல்தான்: டிபி.

அது சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். அந்தச் சாயம் காட்டுவது மைக்கோபாக்டீரியா என்னும் பெருங்குடும்பத்தை மட்டுமே. அந்தக் குடும்பத்தில் 190-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மெழுகு பூசியது போன்ற அவற்றின் தடித்த சுவர் சாயத்தைப் பிடித்துக்கொண்டு, அமிலத்தில் கழுவினாலும் விட மறுக்கிறது. காசநோய்க் கிருமியும் அப்படித்தான். மண்ணிலும் குழாய் நீரிலும் வாழும் அதன் உறவினங்களும் அப்படித்தான். அந்த உறவினங்களைச் சேர்த்து ‘காசநோயல்லாத மைக்கோபாக்டீரியா’ என்கிறோம். மருத்துவர்கள் பேச்சில் அது என்.டி.எம்.

காசநோய் என்று உறுதியானால் சிகிச்சை தொடங்குவதா என்ற கேள்விக்கே இடமில்லை, அன்றே தொடங்க வேண்டும். என்.டி.எம். என்று உறுதியானாலோ, உண்மையான முடிவெடுப்பே அதன் பிறகுதான் ஆரம்பிக்கிறது. கிருமியின் பெயர் தெரிந்துவிட்டதாலேயே மருந்து எழுத வேண்டியதில்லை. இந்தப் பெண்ணின் முன்னால் வரும் முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் முடிவு: காசநோய் மருந்தை இன்றே தொடங்குவதா?

தொடங்கலாம் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. சளியில் கிருமி தெரியும் அளவுக்குக் காசநோய் இருப்பவர், இருமும்போது அருகிலிருப்பவர்களுக்கு அதைப் பரப்புகிறார். காசநோய் மிகுந்த நாடுகளில் சளிச் சோதனை பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் அது காசநோயாகவே இருக்கும். காசநோய் அரிதான நாடுகளில் அதே அறிக்கைக்குப் பின்னால் என்.டி.எம். இருப்பதற்கான வாய்ப்பு கூடுகிறது. ஆகவே நோயாளி எங்கே வாழ்கிறார், வீட்டில் யாருக்கேனும் காசநோய் இருந்ததா என்பவையும் சோதனை முடிவைப் படிக்கும் விதத்தை மாற்றுகின்றன.

பொறுக்கலாம் என்பதற்கும் காரணம் உண்டு. பொறுக்க வேண்டியது சில மணி நேரமே. ஜீன்எக்ஸ்பர்ட் போன்ற மூலக்கூறுச் சோதனை அதே சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுத் துண்டைத் தேடி, ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பதில் சொல்கிறது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, பலர் அதைத் தவறவிடுகிறார்கள். சாயச் சோதனையும் நெகட்டிவ், எக்ஸ்பர்ட்டும் நெகட்டிவ் என்றால் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. கிருமி குறைவாக இருந்து இரண்டிலும் தப்பியிருக்கலாம். சாயச் சோதனை பாசிட்டிவாக இருந்து எக்ஸ்பர்ட் நெகட்டிவ் என்றால் கதை வேறு. கண்ணாடித் தகட்டில் தெரிய வேண்டுமானால் ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது வேண்டும். அத்தனை இருந்து, அவை காசநோய்க் கிருமிகளாகவும் இருந்தால், எக்ஸ்பர்ட் அவற்றைத் தவறவிடுவது மிக அரிது. எனவே இரண்டாவது சளியிலும் இதே முரண் திரும்பினால், என்.டி.எம். என்ற சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிறது.

என் கருத்தில் தேர்வு தெளிவானது. எக்ஸ்பர்ட் ஓரிரு நாளில் கிடைக்குமென்றால் அதுவரை நோயாளியைத் தனித்திருக்கச் சொல்லிப் பொறுக்க வேண்டும். அது கிடைக்காத இடத்தில் நோயாளியும் நலிந்திருந்தால், காசநோய் மருந்தைத் தொடங்கிவிட்டு, அதே நாளில், ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கும் சளி அனுப்ப வேண்டும். கல்ச்சர் அனுப்பாமல் தொடங்குவதுதான் மன்னிக்க முடியாத தவறு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தத் தவறு எங்கே கொண்டுபோய் விடும் என்பது தெரிந்ததே. என்.டி.எம். உள்ளவருக்குக் காசநோய் மருந்து நான்கும் தரப்படுகின்றன. அவற்றில் ரிஃபாம்பிசினுக்கும் எத்தாம்பியூட்டாலுக்கும் இந்தக் கிருமி மீது ஓரளவு பிடிப்பு உண்டு. அதனால் முதல் சில வாரங்களில் இருமல் சற்றுக் குறைகிறது. நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டதாக எல்லோரும் நம்புகிறார்கள். ஐந்தாம் மாதம் சளியில் கிருமி இன்னும் தெரிகிறது. இப்போதுதான் கல்ச்சர் அனுப்பி, இனம் பார்க்காமல் மருந்து எதிர்ப்புச் சோதனை மட்டும் செய்தால், ஐசோனியாசிடுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் எதிர்ப்பு என்று வரலாம். இந்த இனங்களில் பல அவற்றுக்கு இயல்பாகவே அடங்காதவை. அறிக்கையைப் பார்ப்பவர் கண்ணுக்கோ அது பலமருந்து எதிர்ப்புக் காசநோய். இல்லாத ஒரு நோய்க்கான கடும் மருந்துகள் தொடங்குகின்றன. குடும்பமும் அச்சத்தில் ஆழ்கிறது. கல்ச்சர் வளர்ந்ததும் காசநோய்க் கிருமி மட்டுமே சுரக்கும் ஒரு புரதத்தைத் தேடும் சிறு பட்டைச் சோதனை இருக்கிறது. 15 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தப் பதினைந்து நிமிடம் இத்தனையையும் தடுத்திருக்கும்.

மருந்துக்கு அடங்காத காசநோய் என்று ஒருவரை அனுப்பிவைத்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, ‘இது காசநோய்க் கிருமிதான் என்று யார், எந்தச் சோதனையில் உறுதி செய்தார்கள்?’ என்பதே. முன்பு காசநோய் வந்து குணமானவர்களிடம் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். பழைய நோய் விட்டுச்சென்ற தழும்பும் விரிந்த மூச்சுக்குழாயும் என்.டி.எம். குடியேறுவதற்கு வாகான இடங்கள்.

எக்ஸ்ரேயையோ ரத்தப் பரிசோதனையையோ வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். நம்ப வேண்டாம். நுரையீரலின் மேல்பகுதியில் குழி விழுந்த என்.டி.எம். நோய், படத்தில் காசநோயை அப்படியே உரித்துவைத்தது போலிருக்கும். ரத்தத்தில் செய்யும் இக்ரா சோதனை, உடல் எப்போதாவது காசநோய்க் கிருமியைச் சந்தித்ததா என்று மட்டுமே சொல்லும். இப்போதைய இருமலுக்கு எது காரணம் என்று சொல்லாது.

இரண்டாவது முடிவு: இது நோயா, வழிப்போக்கனா?

நம் நோயாளியின் எக்ஸ்பர்ட் இரண்டு முறையும் நெகட்டிவ். திரவ ஊடகத்தில் வைத்த கல்ச்சர் மூன்றாம் வாரத்தில் வளர்ந்தது. இனம் மைக்கோபாக்டீரியம் இன்ட்ராசெல்லுலாரே. ஏவியம் என்ற இன்னோர் இனத்தோடும் வேறு சில நெருங்கிய இனங்களோடும் சேர்த்து இதை ‘மேக்’ தொகுதி என்பார்கள். உலகின் பல பகுதிகளில் நுரையீரலைத் தாக்கும் என்.டி.எம். வகைகளில் முன்னிற்பது இதுதான்.

காசநோயில் ஒரே ஒரு கல்ச்சர் பாசிட்டிவ் ஆனாலும் அது நோய்தான், ஏனென்றால் அந்தக் கிருமிக்கு மனித உடலைத் தவிர வேறு வீடு கிடையாது. மேக் அப்படியல்ல. அது தண்ணீர்க் குழாயின் உட்சுவரில் வழவழப்பான படலமாகப் படிந்து வாழ்கிறது. குளோரினுக்கு எளிதில் சாவதில்லை. குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்த கையோடு சளி கொடுத்தால்கூட அது கல்ச்சரில் வந்துவிடலாம். நோய் செய்யாமல் மூச்சுக்குழாயில் சில காலம் தங்கிப் போகவும் செய்யலாம். இப்படி இயல்பாகவே நம்மைச் சுற்றியிருப்பதால்தான், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றுவதாகக் கருதுவதில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபணு நோய் உள்ளவர்களிடையே அப்செஸ்ஸஸ் என்ற இனம் பரவியிருக்கலாம் என்ற வலுவான ஐயம் மட்டும் விலக்கு. ஆகவே இந்தப் பெண்ணைத் தனி அறையில் வைக்கத் தேவையில்லை. தட்டும் டம்ளரும் பிரிக்கவும் தேவையில்லை. இதை முதல் நாளிலேயே குடும்பத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

2020-இல் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் நான்கு சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், நோய் என்று சொல்ல மூன்று தகுதிகளையும் ஒருசேரக் கேட்கிறது. அறிகுறி இருக்க வேண்டும். படத்தில் அதற்கேற்ற மாற்றம் இருக்க வேண்டும். வெவ்வேறு நாளில் கொடுத்த சளிகளில் குறைந்தது இரண்டிலாவது ஒரே இனம் கல்ச்சரில் வளர வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் கருவி செலுத்திக் கழுவி எடுத்த நீரில் வளர்ந்தால் ஒருமுறையே போதும். இவற்றோடு வேறு நோய்கள் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் நோயாளி இன்னும் மூன்று காலைச் சளிகள் கொடுத்தார். இரண்டில் அதே இனம். சி.டி. ஸ்கேனில் வலது நடுமடலிலும் இடப்பக்கம் அதற்கு இணையான பகுதியிலும் மூச்சுக்குழாய்கள் விரிந்திருந்தன. அவற்றைச் சுற்றி, துளிர்விட்ட கிளைபோலச் சின்னச் சின்ன முடிச்சுகள். குழி எதுவும் இல்லை. மெலிந்த உடல்வாகும் நடுவயதைத் தாண்டிய வயதும் கொண்ட, புகைக்காத பெண்களிடம் இந்த உருவம் அடிக்கடி காணப்படுவது. மூன்று தகுதியும் நிறைந்தன. இது நோய்தான்.

மூன்றாவது முடிவு: மருந்தா, கண்காணிப்பா?

கட்டுரையின் நடுமையம் இதுதான், இங்கே சற்று நிற்போம்.

கண்காணிப்பு என்றால் கைகழுவிவிடுவது என்று பொருளல்ல. குறித்த இடைவெளியில், அதாவது மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சளிக் கல்ச்சர் எடுக்க வேண்டும். எடை குறித்து வைக்க வேண்டும். ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ மீண்டும் சி.டி. பார்த்துப் பழையதோடு ஒப்பிட வேண்டும். அதனோடு சளியை வெளியேற்றும் பயிற்சி தினமும். நெபுலைசர் கருவி நுண்துளிகளாக்கித் தரும் உப்பு நீரை உள்ளிழுத்து, ஊதும்போது மூச்சுக்குழாயை அதிரவைக்கும் சிறு கருவியில் மூச்சு விட்டு, சளியை மேலே கொண்டுவந்து துப்ப வேண்டும். கிருமி தங்கும் சேற்றை அள்ளி வெளியே போடும் வேலை அது. குழியற்ற, முடிச்சும் விரிவும் மட்டும் கொண்ட நோயில் சிலருக்கு மருந்தே இல்லாமல் கல்ச்சர் நெகட்டிவ் ஆவதுண்டு. வேறு பலருக்கு ஆண்டுக்கணக்கில் நோய் அசையாமல் நிற்பதும் உண்டு.

மருந்து என்றால் மூன்று மருந்துகள், ஓராண்டுக்கு மேல். பலனும் காசநோயில் கிடைப்பது போல உறுதியானதல்ல. மேக் நோயில் முறையாகச் சிகிச்சை எடுப்பவர்களில் சுமார் பத்தில் ஆறு பேருக்குத்தான் கிருமி நீங்குகிறது. நோயாளியிடம் இந்தக் கணக்கை மறைக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை. நான்கு பேருக்குப் பயன் கிடைக்காமலே மருந்தின் சுமை மட்டும் மிஞ்சக்கூடும் என்று தெரிந்தபின் அவர் எடுக்கும் முடிவுக்குத்தான் உறுதி இருக்கும்.

அந்த வழிகாட்டுதல் மருந்தின் பக்கம் சாய்கிறது, குறிப்பாகச் சாயச் சோதனையிலேயே கிருமி தெரிபவர்களுக்கும் குழி விழுந்தவர்களுக்கும். எனக்கும் அதில் உடன்பாடே. குழி இருந்தால் பேச்சே இல்லை. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நுரையீரலின் ஒரு பகுதி திரும்பி வராமல் போகிறது. குழி இல்லாதவரிடம் தராசின் தட்டுகளில் எதை வைக்கிறோம் என்பது முக்கியம். எடை குறைந்துகொண்டே வருவது, ஏற்கெனவே மெலிந்த உடல், ரத்தம் கக்குவது, சளியில் கிருமியின் அளவு கூடுவது, ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு சி.டி.க்களில் நோய் பரவியிருப்பது, இவை மருந்தின் பக்கம். லேசான இருமல், அசையாத படம், நோயாளிக்கு இதயமோ கண்ணோ காதோ ஏற்கெனவே பழுதுபட்டிருப்பது, இவை பொறுத்திருப்பதன் பக்கம்.

இனமும் தராசைச் சாய்க்கும். கன்சாசி என்ற இனம் வந்தால் நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். அது நடத்தையில் காசநோய்க்கு மிக அருகில் நிற்பது; ரிஃபாம்பிசினை மையமாகக் கொண்ட மருந்துகளுக்கு ஓராண்டில் நன்றாக அடங்குவது. அதற்கு நேர் எதிரானது அப்செஸ்ஸஸ். அதன் பெரும்பாலான வகைகளிடம் ஒரு மரபணு இருக்கிறது. அஸித்ரோமைசின் போன்ற மேக்ரோலைடு வகை மருந்தைச் சந்தித்த பின்புதான் அது விழித்துக்கொண்டு எதிர்ப்பை உண்டாக்குகிறது. அதனால் ஆய்வகத்தில் மூன்றாம் நாள் பார்த்தால் மருந்து வேலை செய்வதாகத் தெரியும். பதினான்காம் நாள் பார்த்தால்தான் உண்மை தெரியும். நரம்பு வழி மருந்துகள் பலவற்றை வாரக்கணக்கில் ஏற்ற வேண்டிய அந்த நோய்க்கு, அனுபவமுள்ள மையத்தை நாடுவதே சரி.

நம் நோயாளி முதலில் பொறுத்திருப்பதைத் தேர்ந்தெடுத்தார். இளைத்திருப்பதும் சளியில் கிருமி தெரிவதும் மருந்தின் பக்கம் இருந்தன. ஆனால் இருமல் தாங்கக்கூடியதாக இருந்தது, குழியும் இல்லை. மூச்சுப் பயிற்சியையும் ஊட்டத்தையும் ஆறு மாதம் முயன்று பார்க்கிறேன் என்றார். அது தவறான முடிவல்ல. முடிவை மாற்றும் நிபந்தனைகளை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டால் போதும். ஆறாம் மாதம் எடை இன்னும் 1 கிலோ குறைந்து 43 ஆனது, சாயச் சோதனை 1+ இலிருந்து 2+ ஆனது, சி.டி.யில் வலது கீழ்மடலிலும் புதிய முடிச்சுகள். எழுதிவைத்த மூன்று நிபந்தனைகளும் நிறைவேறிவிட்டன. மருந்து தொடங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஒருபோதும் எடுக்கக் கூடாத நடுவழி

மருந்துக்கும் காத்திருப்புக்கும் நடுவில் ஒரு கவர்ச்சியான வழி தெரியும்: ‘மூன்று மருந்து வேண்டாம், அஸித்ரோமைசின் மட்டும் கொடுத்துப் பார்ப்போமே.’ இதைத்தான் எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டும். மேக் நோயில் முழுச் சிகிச்சையும் சாய்ந்து நிற்கும் தூண், அஸித்ரோமைசின் அடங்கிய மேக்ரோலைடு வகைதான். கோடிக்கணக்கான கிருமிகளில் ஏதோ சில, ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் இதற்கு அடங்காதவையாக ஏற்கெனவே இருக்கும். மேக்ரோலைடைத் தனியாகக் கொடுத்தால் அடங்கும் கிருமிகள் ஒடுங்கி, அடங்காதவை மட்டும் பெருகி இடத்தைப் பிடிக்கும். அப்படி எதிர்ப்பு வந்துவிட்டால் குணமாகும் வாய்ப்பு மிகவும் சுருங்கிவிடுகிறது. அந்தத் தூணுக்கு இணையான மாற்று நம்மிடம் இல்லை.

இந்தத் தவறு பெரும்பாலும் தெரியாமலேயே நடக்கிறது. மூச்சுக்குழாய் விரிவு உள்ளவர்களுக்கு அடிக்கடி சளிக்காய்ச்சல் வராமலிருக்க, வாரம் மூன்று நாள் அஸித்ரோமைசினை மாதக்கணக்கில் தருவது வழக்கத்தில் உள்ள சிகிச்சை. அதற்கு முன் சளியில் என்.டி.எம். இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். நீங்கள் அந்த மருந்தை நீண்ட நாள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அந்தச் சோதனை நடந்ததா என்று மருத்துவரிடம் கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி.

மற்ற இரண்டு மருந்துகளின் முதல் வேலை அந்தத் தூணைக் காப்பதுதான். எத்தாம்பியூட்டால் இதில் மிக முக்கியமான காவலாளி. பக்கவிளைவால் ஏதேனும் ஒன்றை நிறுத்த வேண்டி வந்தால், நோயாளி தானாக மாத்திரையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தொடரக் கூடாது என்று சொல்வது இதனால்தான். அடுத்த சந்திப்பு வரை மூன்றையும் சேர்த்து நிறுத்திவைப்பது, அஸித்ரோமைசினைத் தனியாக விட்டுவைப்பதைவிடப் பாதுகாப்பானது.

வாரம் மூன்று நாளா, தினமுமா?

குழியற்ற நோய்க்கு வாரம் மூன்று நாள் போதும். நம் நோயாளிக்கு அது இப்படி வரும்: அஸித்ரோமைசின் 500 மி.கி., ரிஃபாம்பிசின் 600 மி.கி., எத்தாம்பியூட்டால் கிலோவுக்கு 25 மி.கி. வீதம். 43 கிலோவுக்குச் சுமார் 1,075. கிடைக்கும் மாத்திரைக்கேற்ப மருத்துவர் அதை முழுமையாக்குவார். திங்கள், புதன், வெள்ளி என்று மூன்றையும் ஒன்றாகவே விழுங்க வேண்டும். கிருமி நீங்கும் விகிதம் தினசரி முறைக்குக் கிட்டத்தட்ட நிகர். குமட்டலும் கண் பாதிப்பும் குறைவு. நடுவில் விட்டுவிடுவோரும் குறைவு. குழி இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. அப்போது தினசரி மருந்து, எத்தாம்பியூட்டால் கிலோவுக்கு 15 மி.கி. ஆகக் குறையும், முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு அமிகாசின் ஊசியும் சேரும். அமிகாசின் காதின் நரம்பைக் கெடுத்தால் போன செவித்திறன் திரும்பாது என்பதால், அதை ஏற்பதா என்பது தனியாக எடைபோட வேண்டிய முடிவு.

தொடங்கும் முன் கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளும், இதயத் துடிப்பின் இடைவெளியைப் பார்க்க ஒரு இ.சி.ஜி.யும், கண் பரிசோதனையும் வேண்டும். எத்தாம்பியூட்டால் கண் நரம்பைத் தொட்டால் முதலில் மங்குவது பெரும்பாலும் சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள வேறுபாடு. வீட்டிலேயே மாதம் ஒருமுறை ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பழகிய சிறு எழுத்தையும் ஒரு சிவப்புப் பொருளையும் பார்க்கப் பழக்கிவிட வேண்டும். மாற்றம் தெரிந்தால் மூன்று மருந்துகளையும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் பார்வை பெரும்பாலும் மீளும். ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், அதில் கெடுதல் இல்லை. ஆனால் அது கல்லீரலை முடுக்கிவிட்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, ஸ்டீராய்டு என்று பல மருந்துகளின் அளவைக் குறைத்துவிடும். அதனால் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும் மருந்துகளின் முழுப்பட்டியல் இல்லாமல் இந்தச் சீட்டை எழுதவே கூடாது. மூன்றையும் ஒரே நாளில் தொடங்காமல், சில நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாகச் சேர்த்து, இரண்டு மூன்று வாரங்களுக்குள் முழு முறைக்கு வருவது நல்லது. ஒவ்வாமை வந்தால் எதனால் என்று தெரியும். அப்படிச் சேர்க்கும்போதும் அஸித்ரோமைசினைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

‘டிபியே ஆறு மாதத்தில் குணமாகிறதே?’

சீட்டை வாங்கிக்கொண்டு மகள் கேட்கிறார்: “டாக்டர், டிபியே ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்கிறார்கள். டிபி இல்லை என்று நீங்களே சொன்ன இதற்கு ஏன் அம்மா ஒன்றரை வருடம் மாத்திரை சாப்பிட வேண்டும்?”

கேள்வி மிகச் சரியானது. காசநோய்க்கு ஆறு மாதம் போதுமானதாக இருப்பதற்குக் காரணம், அதைக் கொல்லும் மருந்துகள் நம்மிடம் இருப்பதுதான். ஐசோனியாசிட் வேகமாகப் பெருகும் கிருமிகளைச் சில நாளில் கொன்று குவிக்கிறது. பைரசினமைடு ஒளிந்திருக்கும் மந்தமான கிருமிகளைத் தேடி அழிக்கிறது. மேக் கிருமி மீது ஐசோனியாசிடுக்கு வலுவில்லை. பைரசினமைடுக்கு வேலையே இல்லை. மிஞ்சும் மருந்துகள் அதைப் பெரும்பாலும் பெருகவிடாமல் அடக்கி வைப்பவைதான். அடக்கி வைத்த கிருமியை உடல் மெல்ல மெல்லத் துடைத்தெடுக்க வேண்டும். அதற்குக் காலம் ஆகிறது.

அந்தக் கிருமி இருக்கும் இடமும் வேலையைக் கடினமாக்குகிறது. நம்மைக் காக்க வரும் வெள்ளணுக்களின் வயிற்றுக்குள்ளேயே அது உயிரோடு இருக்கிறது. விரிந்த மூச்சுக்குழாயில் தேங்கிய சளிக்குள், குழாய்நீரில் படலமாய்ப் படிவது போலவே இங்கும் படிகிறது. பழுதான அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு; ரத்தத்தில் போதிய அளவு இருக்கும் மருந்தும் அங்கே நீர்த்துத்தான் போய்ச் சேர்கிறது. மேலும் சாதாரணக் குடல் பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரண்டாகப் பிரியும்போது, மேக் பிரிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. பிரியாமல் கிடக்கும் கிருமியை மருந்து தொடுவது அரிது.

இன்னொரு சிக்கல் ஆய்வக அறிக்கையில் இருக்கிறது. காசநோயில் ஆய்வகம் ‘எதிர்ப்பு’ என்றால் அந்த மருந்து பயன்படாது. மேக் நோயில் அந்த வாசிப்பு மேக்ரோலைடுக்கும் அமிகாசினுக்கும் மட்டுமே பொருந்தும். ரிஃபாம்பிசின், எத்தாம்பியூட்டால் பற்றி ஆய்வகம் சொல்வதற்கும் நோயாளியிடம் நடப்பதற்கும் நம்பத்தக்க தொடர்பு இல்லை. அறிக்கையில் சிவப்பு எழுத்தில் ‘எதிர்ப்பு’ என்று கண்டு பதறி, தானாக மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு.

காலத்தை எங்கிருந்து எண்ணுவது?

சிகிச்சை ‘12 மாதம்’ என்று சொன்னால் எல்லோரும் முதல் மாத்திரை நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கணக்கு அப்படியல்ல. கல்ச்சர் நெகட்டிவ் ஆன நாளிலிருந்து 12 மாதம். குறைந்தது நான்கு வார இடைவெளியில் எடுத்த மூன்று கல்ச்சர்கள் தொடர்ந்து நெகட்டிவாக வந்தால்தான் அது நெகட்டிவ். அப்படி வந்துவிட்டால், அவற்றில் முதல் சளி கொடுத்த நாளே தொடக்க நாள்.

நம் நோயாளி ஜனவரியில் தொடங்கினார். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் சளிகளில் கிருமி வளர்ந்தது. மே, ஜூன், ஜூலை மூன்றும் நெகட்டிவ். எனவே எண்ணத் தொடங்குவது மே மாதத்திலிருந்து. சிகிச்சை முடிவது அடுத்த மே. மொத்தம் 16 மாதம். மே மாதச் சளியைக் கொடுக்கத் தவறி, நேரே ஜூனில் கொடுத்திருந்தால் ஒரு மாதம் கூடியிருக்கும். இருமல் நின்று சளியே வராத மாதங்களில் ‘இனி எதற்கு?’ என்று சோதனையைத் தவிர்ப்பவர்கள், தங்கள் சிகிச்சையைத் தாங்களே நீட்டிக்கொள்கிறார்கள். நெபுலைசரில் உப்பு நீர்த்துளிகளை இழுத்தால் அப்போதும் போதிய சளி கிடைக்கும்.

ஆறு மாதம் முழுதாக எடுத்தும் கல்ச்சர் நெகட்டிவ் ஆகாவிட்டால் அடுத்த படி, கொழுப்பு உறைக்குள் வைத்து உள்ளிழுக்கும் வகையில் செய்த அமிகாசினைச் சேர்ப்பது. 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இந்த மருந்து, அடங்காத மேக் நோயாளிகளில் நடந்த சோதனையில் நூற்றுக்கு 29 பேருக்குக் கிருமியை நீக்கியது. வழக்கமான மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 9 பேருக்கு. மூன்று மடங்கு என்பது பெரிது. நூற்றில் எழுபத்தோரு பேருக்கு அதுவும் போதவில்லை என்பதும் அதே அளவு உண்மை. நோய் ஒரே மடலில் குவிந்திருந்தால், மருந்தோடு அறுவைச் சிகிச்சையையும் யோசிக்கலாம்.

மருந்து முடிந்து ஓராண்டு கழித்து நம் நோயாளியின் சளியில் மறுபடி மேக் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘சிகிச்சை தோற்றுவிட்டது’ என்றுதான் அவர் நினைப்பார். மரபணு ஒப்பீடு செய்து பார்த்த இடங்களில், முழுச் சிகிச்சைக்குப் பின் திரும்பி வந்த கிருமிகளில் பெரும்பகுதி பழைய கிருமியே அல்ல. சுற்றுப்புறத்திலிருந்து புதிதாக வந்து குடியேறிய வேறொன்று. மூச்சுக்குழாய் விரிந்தே இருக்கிறது, தண்ணீரிலும் கிருமி இருந்துகொண்டே இருக்கிறது. எனவே ஒரே ஒரு கல்ச்சரைக் கண்டு மாத்திரைப் பெட்டியைத் திரும்பத் திறக்க வேண்டியதில்லை. இன்னும் இரண்டு சளி, ஒரு சி.டி., எடை, அறிகுறி. அதே மூன்று தகுதிகள், அதே தராசு. இம்முறை எடை 47 கிலோ, படம் அசையவில்லை, இருமல் இல்லை. எடை 45-க்குக் கீழே இறங்கினாலோ சி.டி.யில் புதிய முடிச்சு வந்தாலோ மருந்து என்று எழுதிவைத்துவிட்டு, அடுத்த சளிக்கு மூன்று மாதம் கழித்து நாள் குறித்துக் கொடுத்தால் போதும்.